அத்தியாயம் 4: பதினான்காம் படுக்கை

இந்த அத்தியாயத்தில் வரும் மாணவியைக் கவிதா என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டு, பொது மருத்துவப் பிரிவில் இரண்டாவது வாரம். நோயாளிக்குப் பெயர் வேண்டாம். வயது 58, மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிறவர், மதுரைப் பக்கத்துக் கிராமம். நான் பல வார்டுகளில் பார்த்த பலரைச் சேர்த்து இந்த ஒருவரை உருவாக்கியிருக்கிறேன். நடப்பவை எதுவும் அபூர்வமானவை அல்ல. வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையால் வரும் இந்தச் சிக்கல், நம் அரசு மருத்துவமனை வார்டு ஒன்றில் ஒரு வருடம் நின்றால் கண்ணில் பட்டுவிடும்.

முந்தின நாள் மாலையில் அந்த அம்மாவைச் சேர்த்திருந்தார்கள். மூன்று நாளாக வாந்தி, சோறு இறங்கவில்லை, எழுந்தால் தலைசுற்றல். வயிற்றுக் கோளாறு, நீர்ச்சத்துக் குறைவு என்று எழுதி, இரவு முழுக்கச் சலைன் ஏற்றினார்கள். காலையிலும் ரத்த அழுத்தம் 92/60க்கு மேல் ஏறவில்லை. சோடியம் 124, அதாவது கணிசமாகக் குறைவு. சர்க்கரை 62. பி.ஜி. டாக்டர் கவிதாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "பதினாலுல ஒரு அம்மா இருக்காங்க. ஹிஸ்டரி எடுத்துட்டு வா. வாயே திறக்க மாட்டாங்க, பாத்துக்கோ."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டவுடனே மாணவரின் மனதில் ஒரு பிம்பம் விழுந்துவிடுகிறது. மறைக்கிற நோயாளி, அவரிடமிருந்து பிடுங்க வேண்டிய செய்தி என்று. அதோடு படுக்கைக்குப் போனால் கேள்விகள் விசாரணையாகிவிடும். கவிதாவுக்கும் அப்படித்தான் ஆயிற்று.

அவள் ஒன்றைச் சரியாகச் செய்தாள். முதலில் சிஸ்டரிடம் போய், "பதினாலாம் படுக்கை அம்மாகிட்ட இப்பப் பேசலாமா?" என்று கேட்டாள். இதை நானும் ஒவ்வொரு மாணவருக்கும் சொல்கிறேன். மூச்சு வாங்குகிறவர், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறவர், கூப்பிட்டால் கண் திறந்து உடனே மூடிக்கொள்கிறவர், இவர்களிடம் ஹிஸ்டரி எடுக்க மாணவர் போகக்கூடாது. அப்போது செய்ய வேண்டியது சிஸ்டரையோ டூட்டி டாக்டரையோ கூப்பிடுவது மட்டும். சிஸ்டர், "தெளிவாத்தான் இருக்காங்க. களைப்பு. ரொம்ப நேரம் படுத்தாத," என்றார்.

முதல் முயற்சி ஏழு நிமிடம் நடந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, அட்டையில் செருகிய கேஸ் ஷீட்டைப் பார்த்தபடி கவிதா கேட்டாள். அம்மாவின் தலைமாட்டில் மருமகள் நின்றிருந்தாள்.

"வாந்தி எத்தனை நாளா?"

"மூணு நாளா, டாக்டர்," என்றாள் மருமகள்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"சுகர், பி.பி. இருக்கா?"

"அத்தைக்கு ஒண்ணும் கெடையாது டாக்டர். நல்லாத்தான் இருந்தாங்க."

"மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" இதைக் கவிதா அம்மாவைப் பார்த்தே கேட்டாள்.

அம்மா மருமகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இல்ல," என்றார்.

"எதுவுமே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதான் இல்லைன்னுட்டேனே தாயி."

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கவிதா கேஸ் ஷீட்டில் எழுதினாள்: மருந்து உட்கொள்வதை மறுக்கிறார்.

இங்கே நிறுத்துகிறேன். இந்த ஏழு நிமிடத்தில்தான் பாடம் இருக்கிறது.

முதலில், அந்த 'இல்லை' பொய்யே அல்ல. பின்னால் தெரியப்போவதுபோல, அம்மா எட்டு மாதமாக மாத்திரை போட்டவர். நிறுத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது. 'சாப்பிடுறீங்களா' என்று நிகழ்காலத்தில் கேட்டால், அவர் சொல்லக்கூடிய நேர்மையான பதில் 'இல்லை'தான். நோயாளி காலத்தைச் சரியாகக் கவனிக்கிறார்; கேட்கிறவர்தான் கவனிப்பதில்லை. இந்த நோயில் அந்தக் காலம்தான் எல்லாமே: தினமும் போட்டுவந்த மாத்திரை நின்றதால்தான் அவர் படுத்தார்.

அடுத்தது 'மருந்து' என்ற சொல். நம் ஊரில் பலருக்கு மருந்து என்றால் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தது. சிலருக்கு அது சூரணமும் லேகியமும். கடையில் "முட்டி வலிக்கு நாலு மாத்திரை குடுங்க" என்று வாங்கியது அவர்கள் கணக்கில் மருந்தாகவே சேராது, அது 'மாத்திரை'. ஊசி தனி, பொடி தனி, தடவுகிற தைலம் தனி. ஒவ்வொன்றையும் அதன் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூன்றாவது, மருமகள். பதில் சொல்லுமுன் நோயாளியின் கண் யாரிடம் போகிறது என்று பாருங்கள். அந்த ஒரு பார்வை, இந்தக் கேள்விக்கான பதில் இந்த இடத்தில் கிடைக்காது என்று சொல்லிவிட்டது. அப்போது கேள்வியை அழுத்திக் கேட்பதால் பயனில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்பது, நீங்கள் மறைக்கிறீர்கள் என்று நான் நினைக்கிறேன் என்று சொல்வதற்குச் சமம். அதற்குப் பிறகு யாரும் திறக்க மாட்டார்கள். அங்கே கேள்வியை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருக்க வேண்டும்.

கடைசியாக அந்த 'மறுக்கிறார்'. நானும் பயிற்சிக் காலத்தில் நூற்றுக்கணக்கான கேஸ் ஷீட்டுகளில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன், இன்று அதற்காக வருந்துகிறேன். அது நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதோடு, அடுத்து வரும் டாக்டரின் கேள்வியையும் அடைத்துவிடுகிறது. விஷயம் கேட்டு முடிந்தது என்று அவர் நினைத்துக்கொள்வார். 'மருமகள் உடனிருக்கையில் கேட்டபோது இல்லை என்றார். தனியாகக் கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தால் அடுத்தவருக்கு ஒரு வழி திறந்திருக்கும்.

கவிதா கேஸ் ஷீட்டை உதவிப் பேராசிரியரிடம் கொண்டுபோனாள். அவர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த அம்மா என்ன வேலை பாக்குறாங்க?"

கவிதாவுக்குத் தெரியவில்லை.

"அதுலேருந்து ஆரம்பி. மருமகள் இல்லாதப்போ போ. ஆனா அவங்களைத் துரத்தாத."

துரத்தாமல் அனுப்புவதற்கு ஒரு முறை உண்டு. "நீங்க கொஞ்சம் வெளிய போங்க" என்றால் இருவருக்குமே அச்சம் வந்துவிடும். "எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் தனியாப் பேசுறது இங்க வழக்கம், அப்புறம் உங்ககிட்டயும் பேசணும்" என்று சொன்னால் அது ஆஸ்பத்திரி முறை என்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு மறக்காமல் அவர்களிடமும் பேச வேண்டும். கவிதா அப்படிச் சொன்னாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்த மருமகள், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். அவள் போனதும் அம்மாவின் தோள்கள் தளர்ந்ததைக் கவிதா கவனித்தாள்.

இந்த முறை கவிதா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அம்மாவின் முகத்துக்கு நேராக, ஆனால் சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். கேஸ் ஷீட்டைப் படுக்கைக்கு அடியில் வைத்தாள். டாக்டர் வந்ததும் படுத்திருக்கக்கூடாது என்று அம்மா கையை ஊன்றி எழப் பார்த்தார். பாதி எழுந்ததுமே கண் செருகியது. கவிதா தோளைப் பிடித்துப் படுக்க வைத்து, "எந்திரிக்க வேணாம்மா, படுத்துக்கிட்டே பேசலாம்," என்றாள். அந்தத் தலைசுற்றல் எத்தனை விநாடி இருந்தது என்று மனதில் குறித்துக்கொண்டாள். பின்னால் பி.ஜி. டாக்டர் படுக்க வைத்தும் உட்கார வைத்தும் அழுத்தம் பார்த்தபோது, படுக்கையில் 92ஆக இருந்த மேல் எண், உட்கார்ந்ததும் 74க்கு இறங்கியது.

"என்ன வேலைக்குப் போறீங்கம்மா?"

"மல்லிகைத் தோட்டத்துல பூ எடுக்க. மூணு மணிக்கு எந்திரிக்கணும் தாயி. விடிஞ்சா மொட்டு வாய் திறந்துரும், வெல போகாது."

"குனிஞ்சே இருக்கணுமே. முட்டி தாங்குதா?"

அம்மா பதில் சொல்லவில்லை. கவிதாவும் அடுத்த கேள்வியைப் போடவில்லை. மாணவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். மூன்று விநாடி அமைதி முப்பது விநாடி போலத் தோன்றும். வாய் தானாக அடுத்த கேள்வியைத் தேடும். களைத்துப்போனவருக்குச் சொல்லைத் திரட்டவே நேரம் வேண்டும். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். கவிதா ஏழு எண்ணியிருப்பாள்.

"முட்டிதான் தாயி என்னைக் கொன்னுச்சு. ரெண்டு வருசமா. ஒக்காந்தா எந்திரிக்க முடியாது. ஒரு நாள் போகலைன்னா கூலி இல்ல."

"அப்புறம் எப்படிச் சமாளிச்சீங்க?"

இந்தக் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். 'என்ன மருந்து சாப்பிட்டீர்கள்' என்பதல்ல, 'எப்படிச் சமாளித்தீர்கள்' என்பது. அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. அம்மா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தார்.

"என்னத்தச் சொல்ல."

"நம்ம பக்கத்துல முட்டி வலிக்கு நிறையப் பேரு கடையில கேட்டு மாத்திரை வாங்கிப் போடுவாங்கம்மா. எங்க பாட்டியும் போட்டிருக்காங்க. நீங்களும் அப்படி ஏதாவது போட்டுப் பாத்தீங்களா?"

இங்கே இரண்டு மாற்றங்கள். கேள்வி இறந்தகாலத்துக்கு வந்துவிட்டது. 'நிறையப் பேர் செய்வது' என்று முன்னால் சொன்னதால், ஆமாம் என்பது குற்ற ஒப்புதலாக இல்லாமல் சாதாரணப் பதிலாகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: பாட்டி போட்டது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். நெருக்கத்துக்காக ஒரு பாட்டியை உருவாக்கக்கூடாது.

"எழுதுவியா தாயி?"

கவிதாவின் கையில் பேனாகூட இல்லை. ஆனால் அம்மா கேட்டது பேனாவைப் பற்றி அல்ல.

"எழுதினா என்ன ஆகும்னு நினைக்கிறீங்கம்மா?"

அப்போதுதான் வெளியே வந்தது. மருமகளின் தம்பி மெடிக்கலில் வேலை பார்க்கிறான். அவன்தான் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து அனுப்புவான். இப்போது ஆஸ்பத்திரியில் சொன்னால் அவன்மேல் கேஸ் வந்துவிடும், அத்தை தன்னைப் பிறந்த வீட்டாருக்கு முன் தலைகுனிய வைத்துவிட்டார் என்று மருமகள் பேசுவாள், மகன் நடுவில் மாட்டிக்கொள்வான். அந்த அம்மா காத்துவந்தது தன்னையல்ல, ஒரு குடும்பத்தை.

இந்த இடத்தில் மாணவர்கள் பெரும்பாலும் சொல்லும் பொய், "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா." அதைச் சொல்லாதீர்கள். உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. கவிதா சொன்னது வேறு.

"மாத்திரை போட்டதை உங்களுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்கிட்ட நான் சொல்லியாகணும்மா. அது தெரியாட்டி அவங்களால சரியா வைத்தியம் பண்ண முடியாது. யார் குடுத்தாங்கங்கிறது வைத்தியத்துக்குத் தேவைப்படாது, அதை நான் கேஸ் ஷீட்ல எழுதலை. ஆனா பெரிய டாக்டர் கேட்டா இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அம்மா அதை ஏற்றுக்கொண்டார். எல்லையைத் தெளிவாகச் சொன்னால் அநேகமாக ஏற்றுக்கொள்வார்கள், மழுப்பினால்தான் சந்தேகப்படுவார்கள்.

மீதி எளிதாக வந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டால் மாதக் கணக்கு வராது, பண்டிகையை வைத்துக் கேட்க வேண்டும். போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஆரம்பித்தது. காலையில் ஒரு பொட்டலம், ராத்திரி ஒரு பொட்டலம். போட்ட மறுநாளே முட்டி சொன்னபடி கேட்டது. பசி எடுத்தது. பொங்கலுக்குள் முகம் பூசிக்கொண்டது. ஊரில் எல்லாரும் "நல்லா ஆயிட்டியே" என்றார்கள். காப்பீட்டுக்காகக் கொண்டுவந்திருந்த ஆதார் அட்டையைக் கவிதா வாங்கிப் பார்த்தாள். படத்தில் கன்னம் ஒட்டிய, தாடை எலும்பு தெரிகிற ஒரு பெண். படுக்கையில் வட்ட முகம், மெலிந்த கைகள், முன்கையில் காகிதம் போன்ற தோலுக்கடியில் நீலத் திட்டுகள். இந்தப் படத்தை நேற்றிரவு மூன்று பேர் கையில் வைத்து எண்ணைக் குறித்திருக்கிறார்கள்.

"எப்பம்மா கடைசியாப் போட்டீங்க?"

"ஒம்போது நாளாச்சு. சீட்டு இல்லாமக் குடுக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாராம். அவனால குடுக்க முடியல. ரெண்டு நாள் கழிச்சுக் கையுங்காலும் ஓஞ்சு போச்சு. அப்புறம் வாந்தி."

"பொட்டலம் ஏதாவது மிச்சம் இருக்கா?"

தலையணைக்கடியிலிருந்து சுருக்குப்பை வந்தது. உள்ளே மடித்த செய்தித்தாளில் மூன்று மாத்திரைகள்: மஞ்சளில் ஒன்று, ரோஸ் நிறத்தில் ஒன்று, மிகச் சிறிய வெள்ளையில் ஒன்று. அட்டையிலிருந்து பிரித்துக் கொடுத்ததால் பெயர் எதுவும் இல்லை.

அந்த மூன்றில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்குமோ என்று கவிதாவுக்குப் புத்தகத்தில் படித்தது மின்னியிருக்கும். ஸ்டீராய்டு வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்தால், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, தனக்கு வேலையில்லை என்று உறங்கிவிடுகிறது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தாலே இந்த அபாயம் தொடங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் சுரப்பி உடனே விழிப்பதில்லை. உடம்பில் கார்ட்டிசால் இல்லாமல் அழுத்தம் இறங்கும், சோடியம் இறங்கும், சர்க்கரை இறங்கும், வாந்தி வரும். எவ்வளவு சலைன் ஏற்றினாலும் முழுதாகச் சரியாகாது. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

ஆனால் அவள் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. வெள்ளையாகச் சிறிதாக இருக்கும் மாத்திரை எதுவாகவும் இருக்கலாம்; கண்ணால் பார்த்து ஸ்டீராய்டு என்று சொல்ல யாராலும் முடியாது. மாணவரின் வேலை, கேட்டதையும் பார்த்ததையும் உள்ளது உள்ளபடி, உடனே, முடிவெடுக்கக்கூடியவரிடம் சேர்ப்பது. குடும்ப வரலாறு, உணவுப் பழக்கம், மாதவிலக்கு நின்ற வயது என்று கேஸ் ஷீட்டில் இன்னும் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அவள் அதை நிரப்ப உட்காரவில்லை. "இதை டாக்டர்கிட்டச் சொல்லிட்டு வந்துடுறேன்மா, திரும்ப வருவேன்," என்று எழுந்தாள். மொத்தம் பதினாறு நிமிடம்.

பி.ஜி. டாக்டரிடம் சொன்னது நான்கே வாக்கியம். "சார், பதினாலாம் படுக்கை. எட்டு மாசமா முட்டி வலிக்குப் பேர் தெரியாத மாத்திரை, தினம் ரெண்டு வேளை, ஒன்பது நாளுக்கு முன்னாடி சட்டுன்னு நின்னுருக்கு. முகம் ஆதார் போட்டோவை விட நல்லா உருண்டிருக்கு, கையில ரத்தக்கட்டு இருக்கு. எந்திரிச்சப்போ கண் செருகிட்டாங்க."

அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். கார்ட்டிசால் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருக்கவில்லை, ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பில் போட்டு, சலைனோடு சர்க்கரையும் ஏற்றினார்கள். இந்தச் சந்தேகம் வலுவாக இருக்கும்போது காத்திருப்பதுதான் ஆபத்து, ஊசி அல்ல. மாலைக்குள் அழுத்தம் 110/70. அம்மா அரைத் தம்ளர் கஞ்சி குடித்து, வாந்தி எடுக்கவில்லை. மறுநாள் வந்த கார்ட்டிசால் அளவு 2. அவ்வளவு நோயில் படுத்திருக்கும் உடம்பில் அது பல மடங்கு இருந்திருக்க வேண்டும்.

கவிதா சொன்னபடி மருமகளிடமும் பேசினாள். வார்டுக்கு வெளியே, ஜன்னலோரத்தில். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. "அத்தைக்கு எந்த நேரத்துல எத்தனைன்னு நீங்கதான் சரியாச் சொல்ல முடியும்," என்றாள். மருமகள் அழுதுவிட்டாள். இரண்டு வேளை என்று அம்மா சொன்னது முழுக்கச் சரியில்லை. வேலை அதிகமான நாளில் மத்தியானமும் ஒரு பொட்டலம் போட்டிருக்கிறார். தன் தம்பிக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்டபோது, "எனக்குத் தெரியாதுக்கா. பெரிய டாக்டர் உங்ககிட்டப் பேசுவார்," என்றாள் கவிதா.

பிறகு கேஸ் ஷீட்டைத் திருத்தினாள். பழைய வரியை மை பூசி மறைக்கவில்லை; ஒரே கோடு போட்டு, தேதியும் நேரமும் இட்டு, கீழே எழுதினாள்: 'முட்டி வலிக்காகச் சுமார் 8 மாதம், பெயர் தெரியாத மூன்று வகை மாத்திரைகள், தினம் 2 அல்லது 3 வேளை. 9 நாட்களுக்கு முன் திடீரென நின்றது. தகவல்: நோயாளி (தனியாக), மருமகள் (தனியாக). மாத்திரைகள் வார்டில் ஒப்படைக்கப்பட்டன.'

மூன்றாம் நாள் கவிதா போனபோது அம்மா உட்கார்ந்திருந்தார். இனி ஸ்டீராய்டை டாக்டர் சீட்டின்படி எடுத்து, பல வாரங்களில் மெல்லமெல்லக் குறைக்க வேண்டும், காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அதை நிறுத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று பி.ஜி. டாக்டர் விளக்கியிருந்தார். அம்மா அந்தச் சீட்டைச் சுருக்குப்பையில், பொட்டலம் இருந்த இடத்தில் வைத்திருந்தார்.

"எல்லாஞ் சரி தாயி. இப்ப முட்டி மறுபடி பிடிக்குது. பூ எடுக்க எப்படிப் போறது?"

கவிதாவிடம் பதில் இல்லை. இத்தனை நாளில் யாரும் அந்த முட்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் கேஸ் ஷீட்டை எடுத்து, நோயாளியின் முதன்மையான குறை என்ற இடத்தில், வாந்திக்குக் கீழே, இரண்டு வருடமாக இரு முட்டியிலும் வலி என்று எழுதினாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, "எந்த முட்டிம்மா முதல்ல வலிக்க ஆரம்பிச்சுது?" என்று கேட்டாள்.